அப்பாவின் இகாமா

அய்யாக்கண்ணுவின் அப்பா தவறிய சேதி, வேலை முடிந்து கேம்ப் வாசலில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வந்தது. "அப்பா போயிட்டாருண்ணே" என்று தம்பி போனில் சொன்னான். அய்யாக்கண்ணு "ம்" என்றான். அறைக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தான். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. சவுதியில், ஜுபைல் வெயிலில் நாள் முழுக்கக் குழாய்க்கு உறை சுற்றியவனிடம் அது ஏது?

ஊருக்குப் போவதெல்லாம் நடக்காத காரியம். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது. வெளியேறும் விசா அடித்து வருவதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிடும். நாளைக் காலையில் எடுக்கிறார்கள். வீடியோ காலில் முகத்தையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. ஆனால் பிளான்ட் கேட்டில் போனைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரு நாள் லீவு வேண்டும்.

லீவு தரவேண்டியவர் சூப்பர்வைசர் அபு மிஷால். அவருக்கு அரபி மட்டும்தான். எங்களுக்கோ "கொண்டு வா, சீக்கிரம், இல்லை" என்கிற அளவுக்குத்தான் அரபி.

"வாயால கேட்டா வள்ளுன்னு விழுவாருண்ணே. மரியாதையா மெசேஜ் போடுவோம்" என்றான் ரூபன். டிப்ளமோ படித்தவன், அறையில் இங்கிலீஷ் அவன் இலாகா. போனை வாங்கித் தட்ட ஆரம்பித்தான். "ரெஸ்பெக்டட் சார், மை ஃபாதர் இஸ் எக்ஸ்பயர்டு. கைண்ட்லி கிராண்ட் ஒன் டே லீவ்."

"டெட்னு போட்டா போதாதா?" என்றேன்.

"என்ன பாய் நீங்க, எலி செத்த மாதிரி! பெரியவருக்கு எக்ஸ்பயர்டுதான் மரியாதை."

மொழிபெயர்க்கிற ஆப் அதை ஒரு நொடியில் அரபியாக்கிவிட்டது. "பாய், நீங்க ஓதுனவரு. சரியா இருக்கான்னு பாருங்க." மதரஸாவில் எனக்கு எழுத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அர்த்தத்தை யார் சொன்னது? எழுத்துக்கூட்டியதில் 'வாலித்' கண்ணில் பட்டது. "அப்பான்னு இருக்கு. அனுப்பு" என்றேன்.

பதில் உடனே வந்தது. அதை ஆப்பில் போட்டு ரூபன் வாசித்தான். "இகாமா போட்டோ அனுப்பச் சொல்றாரு."

லீவுக்கு எதற்குத் தங்கும் அட்டை என்று எங்களுக்கு விளங்கவில்லை. கேட்டால் கொடுத்துத்தானே ஆகவேண்டும். அய்யாக்கண்ணு தன் அட்டையைப் படமெடுத்து அனுப்பினான்.

அடுத்த பதிலை வாசித்த ரூபனின் குரல் இறங்கிவிட்டது. "இது உன்னோடது. உன் அப்பாவோட இகாமா எங்க? ஆபீஸ்ல புதுப்பிச்சுக் கொடுத்துடுவாங்க. அதுக்கு லீவு எதுக்கு?"

"எங்கப்பா மன்னார்குடிய தாண்டுனதே இல்லையேப்பா" என்றான் அய்யாக்கண்ணு.

நான் போனைப் பிடுங்கி, நாங்கள் அனுப்பியதை மறுபடி எழுத்துக்கூட்டினேன். 'வாலித்' பக்கத்தில் 'ஸலாஹிய்யா' என்றிருந்தது. தினமும் பார்க்கிற சொல்தான். மோர் பாட்டில் மூடிக்குக் கீழே, தேதிக்குப் பக்கத்தில் இருக்கும்.

"அடப்பாவி ரூபா, அப்பா காலாவதியாயிட்டாருன்னு போட்டிருக்குடா! அந்த மனுஷன் இகாமா காலாவதின்னு நெனச்சுட்டாரு."

ரூபன் முகம் செத்துப்போய்விட்டது. "வேற மாதிரி எழுதுறேண்ணே... பாஸ்டு அவேன்னு..."

"வேணாம்" என்று எழுந்தான் அய்யாக்கண்ணு. "நானே போறேன். நீங்க கூட மட்டும் வாங்க பாய்."

அபு மிஷால் கேம்ப் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "இகாமா?" என்று கையை நீட்டினார்.

பேட்டரி செத்தாலும் பூனை செத்தாலும் கேம்பில் சொல்வதற்கு ஒரே சொல்தான். அதற்கு மரியாதையான சொல் அய்யாக்கண்ணுவிடம் இல்லை.

"பாபா... மௌத்" என்றான். "இந்தியா. பாபா மௌத்."

அபு மிஷாலின் கை அப்படியே நின்றது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நீளமாக என்னவோ சொன்னார். கடைசியில் சொன்னது மட்டும் எங்கள் கேம்ப் அரபி. "புக்ரா மாஃபி ஷுகுல்." நாளைக்கு வேலை இல்லை.

திரும்பும்போது அய்யாக்கண்ணு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பாய்," என்றான், எனக்கு இப்போதுதான் சேதி சொல்கிறவன் போல. "எங்கப்பா செத்துட்டாரு பாய்."

அப்புறம் அங்கேயே குந்தி அழுதான்.