நூற்றுக்கு நூற்றிருபத்திரண்டு

மத்திய வங்கி நான்காவது முறையாக வட்டியைக் குறைத்த அன்று எங்கள் கம்பெனிப் பங்கு நூற்றிருபத்திரண்டில் முடிந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் அது எழுபது. இடையில் நாங்கள் ஒரு பாட்டில்கூட அதிகம் விற்கவில்லை.

மருந்துப் பாட்டில் செய்கிற கம்பெனி. ஒரு கண்ணாடி உலை, அதைச் சுற்றித் தொழிற்சாலை, முன்னால் மூன்று மாடி அலுவலகம். எனக்கு இரண்டாவது மாடியில் நிதிப் பிரிவு. புதிதாக எதையாவது கட்டலாமா என்று இயக்குநர் குழுவுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. மூன்று வருடமாக ‘வேண்டாம்’ என்றே எழுதி வந்தேன். வருகிற ஆர்டரில் பாதியைத் திருப்பி அனுப்பிய காலத்திலும் அப்படித்தான் எழுதினேன். கணக்கு அப்படி. இதே தொழிற்சாலையை இன்றைய விலையில் முதலிலிருந்து கட்ட ஆகும் செலவைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், பங்குக்கு நூறு வந்தது. சந்தை எழுபதுதான் கொடுத்தது. நூறு போட்டுக் கட்டி எழுபது மதிப்புள்ள ஒன்றை வைத்துக்கொள்ள யாருக்கும் பைத்தியமில்லை.

இப்போது கணக்கு திரும்பியிருந்தது. முதல் முறையாக ‘கட்டலாம்’ என்று எழுதி எடுத்துக்கொண்டு சேர்மனிடம் போனேன். அவரைப் பெரியவர் என்போம்.

“நமக்குக் கடனே இல்லையேப்பா. வட்டி எறங்கினா நமக்கென்ன, ஏறினா நமக்கென்ன?” என்றார். அவருடைய அப்பா பேங்க் கடனில் ஒரு ஆலையை இழந்தவர். இவர் கடன் என்ற சொல்லையே வாயில் வைக்க மாட்டார்.

“பேங்க்ல போட்டா முன்ன ஒன்பது கிடைச்சுது சார். இப்போ ஆறு. ஆறுக்கு மனசு வராதவங்க பங்கு பக்கம் வர்றாங்க. நம்ம லாபம் அதேதான். அந்த லாபத்துக்கு அவங்க தர்ற விலை கூடியிருக்கு.”

“அப்போ நம்ம சாமர்த்தியம் ஒண்ணுமில்ல.”

“இல்ல சார்.”

சிரித்தார். “சரி, அதுக்கும் உலைக்கும் என்ன?”

“புதுப் பங்கு வித்துப் பணம் திரட்டலாம். அதுல ரெண்டாவது உலை கட்டலாம். நூறு செலவு பண்ணிக் கட்டறதை சந்தை நூத்தி இருபத்திரண்டா மதிக்குது. பழைய பங்குக்காரங்களுக்கும் நஷ்டமில்ல.”

“வட்டி மறுபடி ஏறிட்டா?”

“பங்கு எறங்கும் சார். ஆனா பணம் இன்னைக்கு விலைக்கு வந்திருக்கும்.”

குழுக் கூட்டத்தில் வைக்கச் சொன்னார். பத்து நாள் இருந்தது.

மறுநாள் அவர் மகன் கூப்பிட்டான், அவனும் குழுவில் ஒரு இயக்குநர். ஆபீசில் அவனுக்குச் சென்ட் பாட்டில் என்று பெயர். நாங்கள் செய்யாத ஒரே பாட்டில். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். என் மனைவி இறந்து பதினான்கு மாதம். அதிலிருந்து காரியம் ஆக வேண்டியவர்கள் எல்லாரும் முதலில் தோளில் கை வைக்கிறார்கள்.

“எப்படி இருக்கீங்க? சாப்பிடறீங்களா ஒழுங்கா?”

“சாப்பிடறேன் சார்.”

“குறிப்பு படிச்சேன். பிரமாதம். ஒரு இடம் மட்டும். கட்டற செலவு நூறுன்னு போட்டிருக்கீங்க. அது நூத்தி நாப்பது இருக்குமே.”

“உலை கட்டறவங்களோட விலைக்கடிதம் இருக்கு சார்.”

“கடிதம் வேற ஒண்ணும் வாங்கலாம். நம்ம குடும்பத்துக்கு இப்போ அம்பத்திரண்டு சதவீதம். இவ்வளவு புதுப் பங்கு வித்தா முப்பதுக்குக் கீழ போயிடுவோம். நாங்களே வாங்கலாம், ஆனா கையிலிருந்து போடணும். எங்கப்பாவுக்கு இது உறைக்கல. உலைன்னா உருகிடுவார்.” தன் சொல்லைத் தானே ரசித்தான். “நூத்தி நாப்பதுன்னு வந்தா பேச்சே இல்ல. யார் வீட்டு அடுப்பும் அணையாது.”

அறுபது வீட்டு அடுப்பு அணையும். அது அவனுக்குத் தெரியும். பழைய உலை இன்னும் ஒன்றரை வருடம் தாங்கும். பிறகு நெருப்பை அணைத்து, உள்செங்கல் மாற்ற ஐந்து மாதம் குளிர வைக்க வேண்டும். புதியதைக் கட்ட ஒன்றேகால் வருடம். இப்போது ஆரம்பித்தால் உலைக்காரர்கள் அப்படியே அங்கே மாறலாம். இல்லாவிட்டால் உலையில் இருக்கும் அறுபது ஒப்பந்தத் தொழிலாளர்களும் வெளியே. போனவர்களைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இங்கே இல்லை.

“யோசிங்க. ராத்திரி முழுக்க யோசிக்கலாம். உங்களுக்கென்ன, வீட்டுல யாரு கூப்பிடப் போறா?” என்றான். கேலியில்லை. அதைச் சலுகை என்றே நினைத்துச் சொன்னான்.

கழிவறைக்குப் போய்த் தோளைத் துடைத்தேன். சட்டையில் அவன் வாசனை இருந்தது.

உலைக் கூடத்துக்கு மேற்பார்வை என் மச்சான். என் மனைவிக்கு அண்ணன். அந்த அறுபது பேரையும் வேலைக்குக் கொண்டுவந்தவர், அவரும் ஒப்பந்தத்தில்தான். உலை வாசலில் நீல நிறக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள. கட்டறாங்களா, கதை விடறாங்களா?”

“கூட்டத்துல வைக்கிறேன் மச்சான்.”

“உங்க முகத்தைப் பார்த்தா வச்சு ஏறக்கட்டற மாதிரி இருக்கே.”

சென்ட் பாட்டில் சொன்னதைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“அவன் சொன்ன மாதிரி எழுதினா உங்களுக்கு என்ன கிடைக்கும்?”

“தோள்ல இன்னொரு கை.”

“அதை வெட்டிட்டு வாங்க,” என்றார். பிறகு, “பசங்ககிட்ட நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் மாப்ள. உலை வருதுன்னு. சொல்லியிருக்கக் கூடாது,” என்றார்.

நான் நூறை நூறாகவே வைத்தேன்.

கூட்டத்தில் குளிர்சாதனம் அதிகம். தட்டில் பிஸ்கட் அடுக்கியிருந்தார்கள். சென்ட் பாட்டில் தன்னுடைய ஒரு தாளை எல்லார் முன்பும் வைத்தான். அதில் நூற்று நாற்பது. கீழே ஆலோசகர் ஒருவரின் முத்திரை. எந்தச் செங்கலுக்கு எவ்வளவு என்று ஒரு வரி இல்லை.

வெளியிலிருந்து வந்த இயக்குநர் ஒரு அம்மா, பேங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தாளையும் ஒட்ட வைத்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நூறா, நூத்தி நாப்பதாப்பா?”

“நூறும்மா.”

“அப்போ இது?”

“எனக்குத் தெரியாதும்மா. என் கணக்கு இல்ல.”

அந்த அம்மா உலை கட்டுகிற கம்பெனிக்கு அங்கிருந்தே போன் போடச் சொன்னார். ஒலிபெருக்கியில் அவர்களுடைய என்ஜினியர் வந்தார். “கடிதத்துல இருக்கிறதுதாங்க விலை. ஆனா மாசக் கடைசி வரைக்கும்தான். இது வேற ஒருத்தர் ஆர்டரை ரத்து பண்ணினதால கிடைச்ச இடம். வட்டி குறைஞ்சதிலிருந்து எல்லாரும் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பங்கு ஏறினது உங்களுக்கு மட்டுமா? செங்கல் கிடைக்கல, ஆள் கிடைக்கல. அடுத்த தடவை கேட்டா இந்த விலை இருக்காது, இப்பவே சொல்லிட்டேன்.”

போனை வைத்தார்கள். சென்ட் பாட்டில் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பிஸ்கட் எடுத்தான்.

“நல்லது. என் ஆலோசகர் தப்பு பண்ணிட்டார்னு வச்சுக்குவோம். ஆனா இவ்வளவு பெரிய தொகை. ஒரே ஒரு விலையை நம்பி இறங்கலாமா? இன்னும் ரெண்டு பேர்கிட்ட விலை வாங்குவோம். அஞ்சு வாரம் போதும்.”

மாதக் கடைசிக்குப் பதினொரு நாள்.

“மாசக் கடைசிக்குள்ள முடிவு பண்ணணும் சார்,” என்றேன்.

“அவசரப்படுத்தறது விக்கிறவன் தந்திரம்,” என்றான்.

அந்த அம்மா, “இன்னொரு விலை கேட்கிறது முறைதான்,” என்றார். முறைதான். பேங்கில் நாற்பது வருடம் அதைத்தான் செய்திருப்பார். பெரியவர் என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்தார். ஐந்து வாரம் என்று பதிவாயிற்று.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எங்கள் பங்கை ஏற்றிய அதே வட்டி, எல்லாரையும் கட்டச் சொல்லி, கட்டும் செலவையும் ஏற்றிக்கொண்டிருந்தது. பொய்க்கு நாற்பது தேவைப்பட்டது. உண்மைக்கு, நூறுக்கு மேல் இருபத்து மூன்று ஏறினால் போதும்.

பதினொரு நாளும் பெரியவர் அறைக்குப் போனேன். ஒன்பது நாள் அவர் இல்லை என்றார்கள். இரண்டு நாள் இருந்தார். “குழு முடிவு பண்ணினதை நான் எப்படிப்பா மீற முடியும்?” என்றார். குழுவே அவர்தான். மேசையில் பேரனின் படம் இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஐந்தாவது வாரம் மூன்று விலைக்கடிதங்களும் வந்தன. மூன்றிலும் குறைந்தது பழைய என்ஜினியருடையதுதான். பங்குக்கு நூற்றிருபத்தேழு. எங்கள் பங்கு நூற்றிருபத்திரண்டிலேயே நின்றது. நூற்றிருபத்தேழு போட்டு நூற்றிருபத்திரண்டைக் கட்டுவது. மூன்று வருடமாக எழுதிய சொல்லை மறுபடி எழுத வேண்டும். வேறு ஆள் எழுதினாலும் அதைத்தான் எழுத வேண்டும்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சென்ட் பாட்டில் அதைப் படித்துவிட்டு, “பார்த்தீங்களா, என் ஆளும் ரொம்பத் தப்பில்ல,” என்றான். அடுத்த கூட்டத்துப் பதிவில் ‘முன்கூட்டியே எச்சரித்தமைக்கு’ அவனுக்கு நன்றி என்று இருந்தது.

மச்சான் அந்தக் குறிப்பைக் கையில் வாங்கி இரண்டு முறை படித்தார்.

“இது பொய்யா மாப்ள?”

“இல்ல மச்சான். நெசம்.”

“நீங்க எழுதினதா?”

“ஆமா.”

மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “பொய்னா கிழிச்சுப் போட்டுட்டு நாலு வார்த்தை கேக்கலாம். இதை என்ன பண்றது. வாங்க, நீங்களே வந்து சொல்லுங்க. என்னால இந்த நம்பரெல்லாம் சொல்ல முடியாது.”

ஷிப்ட் மாறுகிற நேரம். அறுபது பேரும் உலைக்கு முன்னால் நின்றார்கள். உலைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. வட்டி குறைந்தது, பங்கு ஏறியது, கட்டியிருக்கலாம், பிறகு செங்கல் விலை ஏறியது, இப்போது முடியாது. ஐந்தே வாக்கியம். என் மனைவியைப் பற்றி டாக்டர் சொன்னதும் இவ்வளவுதான்.

பின்னால் நின்ற ஒருவர், வாயு பர்னர் பார்க்கிறவர், கேட்டார்: “சார், வட்டி குறைஞ்சா நல்லதுன்னு டிவில சொன்னானே. என் டெபாசிட்டுக்கும் வட்டி போச்சு, வேலையும் போகுதா?”

“வேலை பழைய உலை அணையிற வரைக்கும் இருக்கு.”

“ஒன்றரை வருசம்.”

“ஆமா.”

“நூறா இருந்தப்போ கட்டியிருந்தா?”

“எல்லாரும் இருந்திருப்பீங்க.”

“அப்போ நூறு நூத்தி இருபத்தேழு ஆகற வரைக்கும் மேல யாரு சார் தூங்கினது?”

மச்சான் என் கையைப் பிடித்தார், வேண்டாம் என்பது போல. வேலை எனக்கும் தேவைதான். ஆனால் கேட்டவர் பதிலுக்காக நின்றார்.

“யாரும் தூங்கல,” என்றேன். யார் அஞ்சு வாரம் கேட்டது, ஏன் கேட்டது, யார் தலையாட்டியது, கையெழுத்து யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் பெயரைக் கடைசியில் சொன்னேன்.