பெயரில்லாத மனு

"யார் போட்டதுன்னு மட்டும் சொல்லுங்கம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் சடையப்பன். இது ஐந்தாவது தடவை.

சுபத்ராவுக்குப் பேனாவைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. ஆரணி நகராட்சி அலுவலகத்துக்கு நாலு கடை தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அவள் அலுவலகம். நகராட்சியில் பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் அவள். வீட்டு வரைபடம் போடுவது, அனுமதிக்கு விண்ணப்பிப்பது, வந்த நோட்டீசைப் படித்துச் சொல்வது, இவைதான் பதினான்கு வருடமாகப் பிழைப்பு. துப்பறிகிற வேலை அதில் இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சடையப்பன் செய்யாறு தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடித்த கையோடு காக்கிச் சட்டையிலேயே வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ரேணுகாம்பாள், மடியில் ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள்ளே பத்திரம், பட்டா, பழைய வரைபடம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கேட்க வேண்டிய ஆளும் அவள்தான். நோட்டீஸ் வந்திருப்பது 'திருமதி ச. ரேணுகாம்பாள், க/பெ சடையப்பன்' என்ற பெயருக்கு. மனை அவள் அப்பா கொடுத்தது. பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றிலும் அவள் பெயர். ஆனால் சுபத்ரா அந்த அம்மாளைப் பார்த்து ஏதாவது கேட்டால் பதில் மட்டும் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"ஐயா, யார் போட்டாங்கன்றது நோட்டீஸ்ல இல்ல. இங்க பாருங்க, மேல 'பார்வை'ன்னு போட்டிருக்குதே, அதுல ஒண்ணு, பெயரில்லாத புகார் மனு. ரெண்டு, நகரமைப்பு ஆய்வாளர் உங்க வீட்டை வந்து பார்த்து எழுதின அறிக்கை. அவ்வளவுதான். மனுவே இல்லன்னாலும் அவர் பார்த்தது பார்த்ததுதான்."

"பேரில்லாம எவன் போடுவான்? பக்கத்து வூட்டு இராஜமாணிக்கம்தான். மாடி எழும்பும்போதே அவன் மொறைச்சுக்கினுதான் இருந்தான்."

செவிடன் காதில் சங்கு ஊதுவது எவ்வளவோ மேல், அவனுக்குக் கேட்காது என்றாவது தெரியும். சுபத்ரா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இந்த மாதிரி ஆட்களுக்கு அவள் எப்போதும் செய்வது அது. ஆபீஸ் தமிழில் மூன்று பக்கத்துக்கு எழுதியிருப்பதை ஒரே பக்கமாக, வீட்டில் யார் எடுத்துப் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவாள். எழுத எழுத உரக்கப் படித்தாள்.

"முதல்ல, என்ன தப்புன்னு சொல்றாங்க. ரெண்டு தப்பு. உங்களுக்குக் குடுத்த அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும். நீங்க மேல ஒரு தளம் கட்டியிருக்கீங்க, அதுக்கு அனுமதி இல்ல. இது ஒண்ணு. வரைபடத்துல பக்கவாட்டுல ஒரு மீட்டர் காலி இடம் காட்டியிருக்கீங்க. அந்த இடத்துல மாடிப்படி கட்டி, சுவர் வெச்சு அடைச்சிருக்கீங்க. இது ரெண்டு."

"எங்க எடத்துலதானம்மா கட்டிக்கினோம். அவன் எடத்துலயா கட்டிட்டோம்?"

"உங்க இடம்தான். ஆனா காத்துக்கும் வெளிச்சத்துக்கும் விட வேண்டிய இடம். நீங்களே காலியா விடறேன்னு வரைபடத்துல ஒத்துக்கிட்ட இடம்." அவள் அடுத்த வரியை எழுதினாள். "ரெண்டாவது, கெடு. நோட்டீஸ் கையில கெடச்ச நாள்லேர்ந்து முப்பது நாள். என்னைக்கு வாங்கினீங்க?"

"ஆகஸ்ட் அஞ்சு" என்றாள் ரேணுகாம்பாள். அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை.

"அது இன்னா, ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்" என்றார் சடையப்பன், அவள் பேசியதே காதில் விழாதவராக.

சுபத்ரா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். ஆகஸ்ட் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. "செப்டம்பர் நாலு, திங்கட்கிழமையோட கெடு முடியுது. நடுவுல சனி, ஞாயிறு ஆபீஸ் இல்ல. கணக்குக்கு நாலு நாள், வேலை ஓடறது ரெண்டே நாள். இருபத்தாறு நாளா என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

என்ன பண்ணினார் என்பதை அவர் பெருமையாகவே சொன்னார். தெருவில் ஒவ்வொருவராக விசாரித்தாராம். நகராட்சியில் தெரிந்த பியூனைப் பிடித்து மனுவைக் கண்ணால் பார்த்துவிட அலைந்தாராம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாராம். வீடு தீப்பற்றி எரியும்போது கொளுத்தினவனைத் தேடி ஊர் சுற்றிய மனுஷன். தண்ணீர் ஊற்ற மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

"சும்மா இருந்தா என்ன ஆவும்?" என்றார்.

"பூட்டி சீல் வைக்கலாம். அவங்களே இடிச்சு, செலவை உங்ககிட்ட வசூல் பண்ணலாம். கோர்ட்ல வழக்கும் போடலாம். மாடியில யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. பையன் சந்தோஷுக்குக் கட்டினது. தையில கல்யாணம்."

நோட்டீசில் எழுதாத விஷயம் அது. தையில் பெண் வந்து ஏறப்போகிற மாடி இன்னும் நாலு நாளில் யாருக்கும் இல்லாமல் போகலாம். சுபத்ராவுக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நல்லாக் கேளுங்க. மூணாவது, வழிகள். ஒண்ணு, அவங்க சொன்னபடி நீங்களே எல்லாத்தையும் எடுத்துடலாம். ரெண்டு, நோட்டீஸே சரியில்லன்னு மேல்முறையீடு போகலாம். ஆனா உங்க வரைபடத்தோட ஒத்துப் பார்த்தா அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கு. மூணு, நகர ஊரமைப்புச் சட்டம் ஐம்பத்தாறாம் பிரிவுலயே இருக்கு, கட்டினதை வெச்சுக்க அனுமதி குடுங்கன்னு இந்தக் கெடுவுக்குள்ள விண்ணப்பம் போடலாம். போட்டுட்டா, அதுக்கு ஒரு முடிவு வர்ற வரைக்கும் இந்த நோட்டீஸ் செல்லாது. மேல்முறையீட்டுக்கும் அப்படித்தான். ஆனா எதுவா இருந்தாலும் திங்கட்கிழமைக்குள்ள."

"அப்ப அதயே போட்டுடுங்க."

"போடலாம். மாடி விதிக்குள்ள வருது, அனுமதி கேட்க வாய்ப்பு இருக்கு. கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா பக்கத்துப் படிக்குக் கேட்கவே முடியாது. அதை எடுத்துட்டு, படியை ஹாலுக்குள்ள வைக்கறோம்னு வரைபடம் போட்டாத்தான் மாடி நிக்கும்."

சடையப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "படிய இடிக்கறதா? எவனோ மொட்டைக் கடுதாசி போட்டான்னு எங்கையால நான் இடிக்கணுமா? நாளைக்கு அவன் தெருவுல மீசைய முறுக்கிக்கினு போவான்."

"மீசைக்கு இதுல என்னய்யா வேலை? ஒரு மீட்டர் இடம், அவ்வளவுதான்."

"உங்களுக்குப் புரியாதும்மா."

சுபத்ரா ரேணுகாம்பாளைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா. உரிமையாளர் நீங்க. விண்ணப்பத்துல உங்க கையெழுத்துதான் வேணும்."

"அவ இன்னா சொல்லப்போறா? நான் போடுன்னா போடுவா" என்றார் சடையப்பன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். "மொதல்ல இத ஜல்தியா டைப் அடிச்சுக் குடுங்க. அப்பறம் அது."

சுபத்ரா பிரித்துப் படித்தாள். ஆணையருக்கு ஒரு மனு. இராஜமாணிக்கம் தெருப் பக்கம் ரெண்டடி இழுத்துக் கூரை போட்டிருக்கிறாராம், தோட்டத்தில் அனுமதி இல்லாமல் தறிக்கொட்டகை வைத்திருக்கிறாராம், உடனே இடிக்க வேண்டுமாம். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான், ஆனால் குழி பக்கத்து வீட்டுக்காரனுக்கு.

"இதுக்கும் உங்க நோட்டீஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குப் போன மாதிரி அவனுக்கும் போவட்டும். அந்தக் கொட்டாய்ல மூணு தறி ஓடுது. பிரிச்சுப் போட்டான்னா தெரியும் வலி."

"அவர்தான் போட்டாருன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வேற எவன் போடுவான்? நீங்க அடிக்கலன்னா கோர்ட்டு வாசல்ல போயி அடிச்சுக்கறேன். ரேணுகா, எந்திரி."

ரேணுகாம்பாள் எழுந்திருக்கவில்லை. பையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அவரு போடல" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"நான்தான் போட்டேன்."

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சடையப்பன் மனைவியைப் பார்த்தார், பிறகு சுபத்ராவைப் பார்த்தார், ஏதோ இரண்டு பேரும் சேர்ந்து தன்னை ஏய்க்கிற மாதிரி.

"இன்னா ஒளர்ற? உம் பேருல இருக்கற வூட்டுக்கு நீயே போட்டியா?"

"வூட்டுக்குப் போடல. படிக்குப் போட்டேன்." அவள் சுபத்ராவிடம்தான் பேசினாள். "அந்தச் சுவரு சமையல் ரூம் சன்னல அப்படியே மூடிடுச்சும்மா. பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கினு நிக்கறேன். தாளிச்சா நெடி வெளிய போவாம நெஞ்ச அடைக்குது. டாக்டரு மூக்குல இழுக்கற மருந்து குடுத்திருக்காரு. பக்கத்துல ஒரு மீட்டர் விடணும்னு இந்தப் பழைய பிளான்ல இருக்குதே, அதப் பாத்துதான் ஆணையருக்கு ஒரு கார்டு எழுதினேன். வந்து படிய மட்டும் எடுக்கச் சொல்லிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன். மாடியயும் சேத்து எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. எம்புள்ளைக்குக் கட்டின மாடி."

சுபத்ரா பதினான்கு வருடத்தில் எத்தனையோ புகார் மனு பார்த்திருக்கிறாள். அண்ணன்மேல் தம்பி போட்டது, மாமியார்மேல் மருமகள் போட்டது. தன் வீட்டின்மேல் தானே போட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். இருபத்தாறு நாளாக இந்த மனுஷன் ஊரெல்லாம் தேடிய ஆள், அவருக்குத் தினம் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சடையப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதானே?"

ரேணுகாம்பாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"உங்ககிட்ட நாப்பது தபா சொன்னேன். அவங்களுக்கு ஒரே ஒரு கார்டுதான் போட்டேன், பத்தாம் நாளு டேப்ப எடுத்துக்கினு ஆளு வந்துட்டாங்க."

சடையப்பன் மேசையில் கிடந்த தன் மனுவை எடுத்துக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சுபத்ரா ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள். 'உரிமையாளர்' என்று அச்சடித்திருந்த இடத்தில் ரேணுகாம்பாள் நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.