இரட்டைக்கிளி ஏன் போகிறது

மழைக்கு முன்னால் ஆரணிக்கு ஒரு மயக்கம் வரும். தறிச் சத்தம்கூடத் தூக்கத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். அந்த மயக்கத்தில்தான் ஆபீஸ் மேனேஜர் புஷ்பலதா, 'ஊழியர்களுக்கான கேள்வி-பதில்' தாளை அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால் கம்பெனிச் சின்னத்தின் இரண்டு கிளிகளும் சிறகடித்து மேகத்தோடு போயின. திறந்தால் திரையில் புதுச் சின்னமான தாமரை.

'இரட்டைக்கிளி சில்க்ஸ்' இனி 'ஜெகநாதன் சில்க்ஸ்'. ஏன்? ஊருக்கே தெரியும். முதலாளி ஜெகநாதனும் தம்பி சக்கரவர்த்தியும் பாகம் பிரிந்தார்கள். பெயரும் சின்னமும் தம்பிக்குப் போயின. தாளில் எழுதச் சொன்னதோ 'வளர்ச்சியின் அடுத்த கட்டம்'. அடேயப்பா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

சம்பளம் மாறாது, பி.எஃப். தொடரும், புது ஐடி கார்டு வரும் என்று அடித்துக்கொண்டே போனாள். அப்போது தறிகளைக் கவனிக்கும் தணிகாசலம் உள்ளே வந்தார்.

"இதையும் எழுதும்மா. முந்தானையில பழைய பேர நெய்ஞ்சிட்டு, இப்ப தறியில உடம்புப் பகுதி நெய்ஞ்சிகினு இருக்கிற சேலைங்க இன்னா ஆவும்?"

"ஒண்ணாந்தேதிக்கு மேல அந்தப் பேர்ல விக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்குதுங்க."

"அப்போ அறுத்துப் போடணுமா? பாதிச் சேலைய அறுக்குற தறியில எவனும் உக்கார மாட்டான். மொத்தப் பேரும் சின்னவருகிட்ட போயிடுவாங்க."

உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெகநாதன் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. நெசவாளிகள் போனால் கம்பெனி ஏது?

"தம்பி ஒத்துக்கினா விக்கலாம். ஆனா நான் கேக்க மாட்டேன்" என்றார்.

வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா? புஷ்பலதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சக்கரவர்த்தியின் நம்பரை அழுத்தி, போனை அவர் கையில் திணித்தாள்.

"கேள்விய நான் எழுதிட்டேன் சார். பதில் அவர்கிட்டதான் இருக்குது."

வெளியே முதல் தூறல் விழுந்தது. ஜெகநாதன் ஏதோ முனகினார். எதிர்முனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அறுத்துடாதண்ணா. தறியில இருக்கிறது நெய்ஞ்சி முடிச்சி வித்துக்கோ. ஒப்புதல எழுதி அனுப்புறேன்." கொஞ்சம் நிறுத்தி, "சாப்ட்டியா?" என்றது.

"ம்" என்றார் ஜெகநாதன். அவர் இன்னும் சாப்பிடவில்லை.

ஜெகநாதன் போனை வைத்துவிட்டுத் திரைக்கு அருகே வந்தார்.

"அந்த வளர்ச்சிய எடுத்துடும்மா" என்றார். "நானும் என் தம்பியும் பிரிஞ்சிட்டோம், பேரு அவனோடதுன்னு போடு."

அவள் அடித்தாள். மனசு லேசாக இருந்தது.

"இன்னொரு கேள்வியும் சேத்துக்கோ. சின்ன முதலாளி இங்க வந்தா இன்னா பண்ணணும்?"

"பதில் சார்?"



"நாற்காலி போடுங்கன்னு எழுது. என் பக்கத்துல."