பதிமூன்று ஜனவரிகளின் சரிபார்ப்பு

வீடியோ விஷயத்தில் ஞானசிகாமணிக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அல்லிநகரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற மற்றவர்களெல்லாம் கல்யாணத்தை டிவிடியில் போட்டுக் கொடுத்துக் கையைக் கழுவிவிடுவார்கள். அது ஐந்து வருஷத்தில் உரிந்துபோகும். இவர் அப்படியில்லை. கேமரா டேப்பில் என்ன பதிந்ததோ அதைச் சுருக்காமல், ஒரு புள்ளிகூட மாற்றாமல், அப்படியே கம்ப்யூட்டர் கோப்பாக இறக்கி வைப்பார். ஒரு மணி நேரத்துக்குப் பதிமூன்று ஜிபி. மூன்று டிஸ்க்கில் மூன்று பிரதி: ஒன்று கடையில், ஒன்று போடியில் தங்கச்சி வீட்டில், ஒன்று அந்தந்தக் குடும்பத்தின் பீரோவில். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுவார்.

இது போக, ஜனவரிச் சோதனை வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண் உண்டு. உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் செல்வின் சொல்லிக் கொடுத்த வித்தை. புத்தாண்டு ஆராதனை முடிந்த வாரத்தில் முன்னூற்று நாற்பது குடும்பங்களின் கோப்புகளையும் கம்ப்யூட்டர் மறுபடி படித்து, முதலில் எடுத்துவைத்த எண்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, 'சரி' என்று வரிசையாகக் காட்டும். அதைப் பார்ப்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார்.

ராயப்பன்பட்டி சகாயராணி டீச்சருக்கு மட்டும் முதல் ஆளாகச் சொல்வார். "பத்திரமா இருக்கு டீச்சர்." அந்தப் பக்கத்திலிருந்து "சரிண்ணே" என்று மட்டும் வரும்.

டீச்சரின் மகள் பிரின்சி. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினாள். எட்டு வயசு. பூசை முடிவில் நன்றி மன்றாட்டு சொன்னது அவள்தான். கேமரா பிடித்தது ஞானசிகாமணி. எடிட் பண்ணிக் கொடுப்பதற்குள் ஆகஸ்டில் மூளைக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். அவள் பேசிய பேச்சு உலகத்தில் வேறு எங்கேயும் பதிவாகவில்லை. எடிட் பண்ணாத டேப்பை அப்படியே வாங்கிப்போன பெற்றவர்களுக்கு அதைப் போட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை. தூக்கி எறியவும் மனசில்லை. மூன்று வருஷம் கழித்து டேப்பைக் கொண்டுவந்து கொடுத்து, பத்திரமாக இருந்தால் போதும் என்றார்கள்.

இந்த ஜூலையில்தான் டீச்சர் போன் பண்ணினாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரகளுக்குச் சக்கர முத்திக் கண்ணு போகுது. ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொன்னும் தீபாவளி வரைக்கும் தாங்குமாங்கிறது சந்தேகம்னு மதுரைல சொல்லிட்டாக. பிள்ளையை ஒருதடவை பாத்துருறேங்கிறாக. சனிக்கிழம வாறோம்."

"வாங்க டீச்சர். பெரிய டிவியில போட்டுவைக்கிறேன்" என்றார். இந்த ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் காவல் காத்தோம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கோப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்தார். கோயில் தோரணம், பாட்டுக் குழு, பிள்ளைகளின் ஊர்வலம். பதினோராவது நிமிஷத்தில் படம் அப்படியே உறைந்தது. தள்ளிப் பார்த்தார். இருபது, நாற்பது, அறுபது, எங்கே தள்ளினாலும் கறுப்பு. கோப்பின் அளவு சரி; நேரம் அறுபத்திரண்டு நிமிஷம் என்று காட்டுவதும் சரி. உள்ளே பிரித்துப் பார்த்தால் பதினோரு நிமிஷத்துக்குப் பிறகு முழுக்கச் சைபர், ஒன்றுமே எழுதப்படாத வெற்றிடம்.

சோதனையை ஓட்டினார். 'சரி' என்றது. போடிக்கு ஓடி அந்த டிஸ்க்கைப் போட்டார். அதுவும் சைபர், அதற்கும் 'சரி'.

தங்கச்சி கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது. கோப்பின் தேதி இரண்டாயிரத்துப் பன்னிரண்டு செப்டம்பர். மணிக்கு ஒருதரம் கரண்ட் போன காலம். கம்ப்யூட்டரில் இறக்கிய கோப்பை டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது, இன்வெர்ட்டரும் கைவிட்டிருக்கிறது. விண்டோஸ் முதலில் முழு அளவுக்கும் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு அப்புறம்தான் உள்ளே நிரப்பும். திரும்பக் கரண்ட் வந்ததும் இவர் அளவைப் பார்த்தார், பதிமூன்று ஜிபி இருந்தது, நகல் முடிந்துவிட்டதென்று நினைத்தார். இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தார். மற்ற இரண்டு பிரதிகளையும் இந்தப் பாதியிலிருந்தே எடுத்தார். அடுத்த ஜனவரியில் கைரேகையும் இதற்குத்தான் எடுத்தார். டேப்பிலிருந்து இறக்கிய கையோடு எடுத்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். பட்டியல் போட்ட நாளிலிருந்து கோப்பு மாறவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது சத்தியம். பட்டியல் போட்ட அன்றைக்கே அது பாழ் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செத்த பிள்ளையின் படத்தைப் பெற்றவர்களே பார்க்காதபோது நாம் பார்ப்பது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. மிச்சம் இருந்தது ஒரே நம்பிக்கை. டீச்சருக்குப் போன் போட்டார்.

"டீச்சர், அந்த ஒரிஜினல் டேப்பு எங்கன வச்சிருக்கீக?"

"கல்லறைக்குள்ளதாண்ணே. நீங்க டேப்பைத் திருப்பிக் குடுத்த வருசம் நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்குச் செங்கல் வச்சுக் கட்டினோம்ல, அப்ப அவ பூமுடி, செபமாலையோட அதையும் உள்ள வச்சுப் பூசிட்டோம். நீங்கதானே சொன்னீக, இனி டேப்பு தேவையில்ல, பூஞ்சை பிடிச்சுரும், கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு." கொஞ்சம் நிறுத்தி, "ஏண்ணே?" என்று கேட்டாள்.

அவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, கரண்ட் மேல் பழியும் போடவில்லை. அவள், "பதிமூணு வருஷமா போன் பண்ணுனீகளேண்ணே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. கல்லறையை உடைத்தாலும் பதிமூன்று மழைக்காலத்து ஈரத்தில் அந்த நாடா ஒட்டிக் கட்டியாகியிருக்கும். அதையும் அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

வரமாட்டார்கள் என்று நினைத்தார். சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டீச்சரின் கணவர் ஆரோக்கியசெல்வம் திராட்சைத் தோட்டத்துக்காரர், நல்ல ஆகிருதி. அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

"இருக்கிறதைப் போடுங்கண்ணே" என்றார்.

போட்டார். ஆரோக்கியசெல்வம் நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் மெழுகுவத்தியோடு கேமராவைத் தாண்டி நடந்தார்கள். முகங்கள் வேகமாகப் போயின. "மூணாவது," என்றாள் சகாயராணி, "அந்தா, திரும்புறா." திரும்புவதற்குள் உறைந்தது. ஒரு முக்காடும் பாதிக் காதும் தெரிந்தன. பிறகு கறுப்பு.

நிறுத்தக் கையை நீட்டினார் ஞானசிகாமணி.

"நிறுத்தாதீக. ஓடட்டும்" என்றார் ஆரோக்கியசெல்வம். "டைம் ஓடுதுல்ல?"

"ஓடுது. படம் வராதுண்ணே."

"பரவாயில்ல."

கீழே கோடு மட்டும் நகர்ந்தது. மூவரும் கறுப்புத் திரைக்கு முன்னால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். சகாயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பத்தெட்டாவது நிமிஷம் வந்தபோது ஆரோக்கியசெல்வம் கேட்டார், "பூச முடியிற நேரமாச்சுல்ல? இப்பதானே மன்றாட்டு சொன்னா?"

"ஆமா" என்றாள் டீச்சர்.

"நான் அன்னைக்குப் பந்தியைப் பாக்க வெளிய போயிட்டேன். இவ சந்தோசத்துல அழுதுக்கிட்டே இருந்ததுல ஒண்ணுமே பாக்கல." ஒளி மங்கிய கண்ணை ஞானசிகாமணி பக்கம் திருப்பினார். "நீங்கதான் நேருக்கு நேரா நின்னு எடுத்தீக. சொல்லுங்கண்ணே, பிள்ளை எப்படிச் சொன்னா? பயந்தாளா, சிரிச்சாளா?"

அந்த மே மாதத்தில் அவர் ஐந்து ஊரில் புதுநன்மை எடுத்தார். எத்தனையோ முக்காடு, எத்தனையோ மெழுகுவத்தி. ஒரு முகமும் எழும்பி வரவில்லை. சிரிச்சா என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த மனுஷன் நம்பிவிடுவார், சாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. சரிபார்க்காமல் இன்னொரு தடவை 'சரி' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஞாபகம் இல்லண்ணே" என்றார்.