கோட்டானுக்குப் புள்ளி இல்லை

“எல்லாத் தாளையும் மறுபடி திருத்தணும் சார்.”

குணசுந்தரி இதை உட்கார்ந்து சொல்லவில்லை. நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே சொன்னாள். அந்த டியூசன் மையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அலுவலகத்து யோகேஸ்வரி அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தாள். லீவு கேட்கலாம், ஏர்கோன் ஓடவில்லை என்று சண்டை போடலாம், சாருடைய பழைய கதைகளுக்குக் கொட்டாவிகூட விடலாம்; ஆனால் முடிவு வெளியானபின் திருத்திய தாளைத் திறக்கச் சொல்லி மட்டும் வாயைத் திறந்துவிடாதே. முன்பு ஒரு ஆசிரியை கேட்டாள், அவள் இப்போது இங்கே இல்லை. அவ்வளவுதான் அக்கா சொன்னது.

குழந்தைவேலு சார் மடிக்கணினியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் நடக்கவிருந்த பாராட்டு விழாவின் பேனரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தேர்வான பிள்ளைகளின் பெயர்கள் அதில் வரிசையாக நின்றன. கீழே அப்துல் சமது கடையில் ரொட்டி தட்டும் சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வந்தது.

சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகளுக்கு மையம் ஆண்டுதோறும் ஓர் அறிவியல் தேர்வு வைக்கும். ஒரு கேள்விக்கு ஒரு புள்ளி; நாற்பதுக்கு இருபத்து நான்கு எடுத்தால் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலிருந்து மூன்றுவரை வார இறுதி வகுப்பு இலவசம். அதைவிடப் பெரிது, வீட்டுக்கே வந்து ஏற்றிப்போகும் இலவச வேன். டவுன் பிள்ளைகளை அப்பா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். சுங்கை லாலாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைக்கு வேன் வரவில்லை என்றால் வகுப்பே இல்லை. குணசுந்தரிக்கு அது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. அவளுடைய அப்பா அதே பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அவள் படித்த காலத்தில் வேன் கிடையாது. தெரிந்தவர்களின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வந்து படித்தாள்.

இந்த வருடத்துத் தாளைத் தயாரித்தவள் அவள். குறுவிடைக் கேள்விகளை எழுதுவதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. கேட்பவன் மனதில் இருக்கும் ஒரே விடைதான் எழுதுபவனுக்கும் தோன்ற வேண்டும் என்று ஒவ்வொரு கேள்வியையும் தட்டிப் பார்ப்பாள். ‘எலியைத் தின்னும் பறவை எது?’ என்றுதான் முதலில் எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்ததில் ஒருத்தி பருந்து என்றாள், இன்னொருத்தி காக்கா என்றாள். இரண்டும் பொய்யில்லை. தப்பு பிள்ளைகள்மேல் இல்லை, கேள்விமேல். உடனே மாற்றினாள்: ‘செம்பனைத் தோட்டங்களில் எலிகளைக் குறைப்பதற்காக மரப்பெட்டி வைத்துக் குடியேற்றப்படும் பறவை எது?’ இப்போது ஒரே விடை. ஆந்தை.

விடை ஒன்று, ஆனால் அதைச் சொல்லும் வாய் பல. அதனால் விடைக்குறிப்பில் அவள் மூன்று பத்தி வைத்தாள். முதலில் எதிர்பார்க்கும் விடை. அடுத்து ஏற்கத்தக்கவை: கூகை, கோட்டான், மலாய்ப் பெயரைத் தமிழில் எழுதிய ‘பூரோங் ஹந்து’. கடைசியில் ஏற்கக்கூடாதவை: பருந்து, கழுகு, ‘இரவுப் பறவை’ என்ற பொதுவான பதில். மின்சுற்றில் விளக்கை எரியவும் அணையவும் வைக்கும் பாகம் எது என்ற கேள்விக்கும் அப்படித்தான். எதிர்பார்ப்பது விசை; சுவிட்ச், ஆளி, மின்விசை ஏற்கலாம்; மின்கலம், கம்பி கூடாது. எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறைக்கவேண்டாம் என்றும், பட்டியலில் இல்லாத சரியான விடை வந்தால் திருத்துவோர் தாமே முடிவு செய்யாமல் அவளைக் கேட்கவேண்டும் என்றும் அடியில் எழுதினாள். அப்படி ஒரு விடை சேர்ந்தால் முன்பு திருத்திய தாள்களையும் திரும்பப் பார்க்கவேண்டும் என்பதையும் விடவில்லை.

அந்த விடைக்குறிப்பு சாரிடம் போனது. யாரும் அவளைக் கேட்கவில்லை. திருத்தும் நாளன்று அவளைப் பண்டார் பாருவில் உள்ள ஒரு பள்ளிக்கு வகுப்பெடுக்க அனுப்பிவிட்டார்கள்.

முடிவு வாட்சப்பில் வந்தபோது சுங்கை லாலாங் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிக்குமேல் காணோம். பிரேமாவதி அக்காவின் மகள் ரூபினிக்கு இருபத்திரண்டு புள்ளிதான். பிரேமாவதி கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவள். அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. “பரவாயில்ல டீச்சர், அவளுக்கு அவ்வளவுதான் போல” என்று போனில் சொன்னாள். அந்தப் ‘போல’தான் குணசுந்தரியைத் தூங்கவிடவில்லை. பெட்டிக்கு அடியில் நின்று ஆந்தைக் குஞ்சுகளின் சீறலைக் கேட்டுவிட்டு வந்து, அவள் தோட்டத்துப் பள்ளிக்கு வகுப்பெடுக்கப் போன நாளில் அதேபோல் சீறிக் காட்டிய பிள்ளை அது.

முடிவு வெளியானபின் புள்ளிகளைக் கணினியில் பதிந்துவைக்கும் வேலை அவளுடையதுதான். இன்று காலையில் கட்டைப் பிரித்து ரூபினியின் தாளை எடுத்தாள். கோட்டான் என்று குண்டு எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் சிவப்பில் பெருக்கல் குறி. சுவிட்ச் என்று எழுதியிருந்தது. அதற்கும் பெருக்கல் குறி. தோட்டத்துக் கட்டு முழுவதும் அதே கதை. ஒரு பையன் பூரோங் ஹந்து என்று எழுதிவிட்டு ஆசைக்கு ஓர் ஆந்தையும் வரைந்திருந்தான். வட்டக் கண், வளைந்த மூக்கு, காலடியில் எலி. அந்த எலியின் மேலேயே பெருக்கல் குறி விழுந்திருந்தது.

திருத்தியவன் விக்னேஸ்வரன். கல்லூரி மாணவன், வார இறுதியில் இங்கே உதவிக்கு வருபவன். கூப்பிட்டுக் கேட்டதும் அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

“எனக்கும் ஒரு மாதிரியாதான்லா இருந்துச்சு சிஸ்டர். சுவிட்ச்னா சரிதானேன்னு சார்கிட்டயே கேட்டேன். விடை ஸ்கீமால என்ன இருக்கோ அத மட்டும் பாரு, உன் மூளைய உள்ள விடாதேன்னாரு.”

அவன் நீட்டிய விடைக்குறிப்பு ஒரே பக்கம். மூன்று பத்தியில் ஒன்றுதான் மிச்சம். மேலே மட்டும் ‘தயாரிப்பு: குணசுந்தரி’ என்று அவள் பெயரை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் அவள் சாரின் அறைக்குள் நுழைந்தாள்.

இப்போது சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று பத்தி இருந்தால் திருத்துகிற பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்றார். விடை என்றால் ஒன்றுதான் இருக்கவேண்டும், அதுதான் ஒழுங்கு என்றார். பிறகு உண்மையான காரணத்துக்கு வந்தார்.

“பாடநூல்ல என்ன இருக்கு? விசைன்னு இருக்கு. நாமளே சுவிட்சுக்கும் கோட்டானுக்கும் புள்ளி போட்டா அப்புறம் பிள்ளைங்க நல்ல தமிழ எங்க போய்க் கத்துக்கும்? நீ படிச்ச பொண்ணு, ஒனக்குத் தெரியாதா?”

“கோட்டான் எந்த ஊரு பாஷை சார்?”

அவர் மேசைமேல் வைத்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“அதுவும் தமிழ்தான். ஒங்க புத்தகத்துல இல்ல, அவ்வளவுதான். சரி, பாடநூல் சொல்தான் வேணும்னா கேள்வியிலயே ‘பாடநூலில் உள்ள சொல்லை எழுதுக’ன்னு கேட்டிருக்கணும். நான் அப்படிக் கேக்கல. அது என்ன பறவைன்னு கேட்டேன். பிள்ளைக்கு என்ன பறவைன்னு தெரியும். அதை எழுதியிருக்கு. கேட்டது ஒண்ணு, திருத்துனது ஒண்ணு. இது எந்த ஒழுங்கு?”

குரல் ஏறிவிட்டது அவளுக்கே தெரிந்தது. வெளியே யோகேஸ்வரி அக்காவின் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. சார் கதவைச் சாத்தச் சொன்னார், அவள் சாத்தவில்லை. அறையில் வெயில் ஏறிவிட்டது, அந்த பேன் சுவிட்சையாவது போடு என்று சலித்துக்கொண்டார். அவள் அவரையே பார்த்தாள். சொன்னது என்னவென்று அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. காது சிவந்தது. விசிறி ஓடாமலே இருந்தது.

டவுன் பிள்ளைகளின் கட்டையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றாள். அவர்கள் இங்கேயே டியூசன் படித்தவர்கள். பாடநூல் சொல் பழகியவர்கள். இந்த ஒரு பக்க விடைக்குறிப்பால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆந்தையை ஏட்டில் பார்த்த, வேனே தேவையில்லாத பிள்ளைக்கு இடம் கிடைத்தது. நேரில் பார்த்த பிள்ளை வீட்டோடு இருக்கிறது. யாருக்காக வைத்த தேர்வு இது என்று கேட்டாள்.

சார் பேனரில் இருந்த பெயர்களை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். நாளைக்கு விழா. ஆதரவாளர்களுக்குப் பட்டியல் போய்விட்டது, பெற்றோர்களைக் கூப்பிட்டாகிவிட்டது. இப்போது எல்லாத் தாளையும் திறந்தால் பெயர்கள் கூடும், வேனில் இடம் பற்றாது, மையத்தின் பெயர் நாறிவிடும். ஆனால் அந்த ரூபினி உனக்கு வேண்டிய பிள்ளைதானே? அவளைச் சிறப்பு இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியவேண்டாம்.

“நம்ம பிள்ளைதானம்மா. நான் பாத்துக்கறேன். நீ இத இதோட விட்டுரு.”

ஒரு கணம் அவள் தடுமாறியது உண்மை. பிரேமாவதிக்கு இப்போதே போன் போட்டு, ரூபினிக்கு வேன் வரும் என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் இன்று நல்ல சாப்பாடு நடக்கும். ஆனால் ஆந்தை வரைந்த பையனுக்கு? அந்தக் கட்டில் இன்னும் கிடக்கும் பிள்ளைகளுக்கு? ரூபினியே நாளைக்குப் பெரியவளாகி, டீச்சர் பாவம் பார்த்து வாங்கிக் கொடுத்த இடம் இது என்றுதானே நினைப்பாள்?

“சிறப்பு இடம் வேணாம் சார். அது எடுத்த புள்ளிய அதுக்குக் குடுங்க. எல்லாருக்கும் குடுங்க.”

“முடியாதும்மா.”

“அப்படின்னா என் பேரை இதுல இருந்து எடுத்துருங்க.”

கையிலிருந்த ஒற்றைப் பக்கத்தை மேசைமேல் வைத்து, பேனாவால் தன் பெயரின் குறுக்கே தானே ஒரு கோடு இழுத்தாள். அடுத்த வருடத்துத் தாளுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவசரப்படாதே, வேலை போய்விடும் என்று சார் சொன்னார். மிரட்டலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா, அவருக்கே தெளிவில்லை. போகட்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

யோகேஸ்வரி அக்கா நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். குணசுந்தரி நிற்கவில்லை. படியில் இறங்கும்போதே போனை எடுத்தாள்.

“அக்கா, இன்னிக்கு ஷிப்டு இல்லதானே? ரூபினிக்கு இருபத்திரண்டு இல்ல, இருபத்து நாலு. அது பாஸ். மத்த அம்மாங்களையும் கூப்பிட்டுக்கிட்டு நாளைக்கு விழாவுக்கு வாங்க. பிள்ளைங்க தாளைக் கண்ணுல காட்டச் சொல்லுங்க. நானும் ஒங்ககூட வந்து நிக்கறேன்.”

மறுமுனையில் பிரேமாவதி, சார் கோவிச்சுக்க மாட்டாரா டீச்சர் என்று மெதுவாகக் கேட்டாள். கோவிச்சுக்குவார் என்றாள் குணசுந்தரி. ரொட்டிக் கடை மேசைகளைத் தாண்டி, வெயிலில் சுட்டுக்கொண்டு நின்ற தன் மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தாள்.