நாற்பத்தெட்டுச் சீட்டுகள்

"ஏழரை மணி வகுப்பை யார் தலையில கட்டறதுன்னே தெரியல, வ்ருஷா. எல்லாரும் ஓடறாங்க."

"என் தலையில கட்டு."

"நிஜமாவா? பசங்க கொட்டாவி விடத்தான் வருவாங்க."

"விடட்டும். பன்னிரண்டுக்கு முன்னாடி நான் வீட்டுல இருக்கணும்."

மூன்று வருடங்களுக்கு முன், சாப்பாட்டு மேஜையில் கல்லூரியின் கால அட்டவணையைப் பரப்பி வைத்துக்கொண்டு நிகேத்தும் நானும் பேசியது இது. என் கணவன்தான் அந்த அட்டவணையைத் தயாரிப்பவன். இருவரும் நாக்பூரில் ஒரே கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறோம். எங்கள் மகள் ஈராவின் பள்ளி பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடும். வாரத்தில் பாதி நாளாவது அவளை நீ கூட்டி வாயேன் என்று கேட்கத்தான் அன்று வாய் திறந்தேன். தொல்லை தீர்ந்த நிம்மதியில் அவன் என் பெயரைக் கட்டத்தில் எழுதினான். கேட்க வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஏழரை மணி வகுப்பின் வருகைப் பதிவு எப்போதும் அழகாக இருக்கும். அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தைந்து பேர் வந்ததாகப் பதிவாகும். பெஞ்சுகளைப் பார்த்தால் அத்தனை தலைகள் தெரியாது. எண்ணை வாசித்தால் யாரோ குனிந்துகொண்டு குரலை மாற்றி "எஸ் மேடம்" என்பார்கள். கையெழுத்துத் தாளைச் சுற்றவிட்டால் ஒரே பேனா ஆறு பெயர்களை எழுதி வரும். இந்தப் பருவத்தில் கல்லூரி புதிதாகச் செயலி ஒன்று தந்தது. பலகையில் நான் நான்கு இலக்க எண்ணை எழுத வேண்டும், வந்தவர்கள் கைப்பேசியில் அதைப் பதிய வேண்டும். நான் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அந்த எண் வகுப்பின் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டது. ஒரு நாள், சளிக்காய்ச்சலென்று எனக்கே விடுப்புக் கடிதம் அனுப்பியிருந்த பையனும் வருகை பதிந்திருந்தான். பழக்கத்தில் பதிந்துவிட்டேன் மேடம் என்று மறுநாள் வருத்தப்பட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நான்காவது வாரத்தில் செயலியை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழி பிடித்தேன். முதலில், கையெழுத்தை ஒப்பிட உதவுமென்று, எல்லோரையும் என் முன்னால் ஆளுக்கு நான்கு வரி எழுத வைத்து, அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தினேன். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும், எந்த நேரமென்று சொல்லாமல், கதவைச் சாத்தித் தலைகளை எண்ணுவேன். அத்தனை சீட்டுகளை மட்டும் கையில் எடுத்து, வரிசை வரிசையாக நடந்து, ஒருவர் கையில் ஒன்றாகக் கொடுப்பேன். பெயர், எண், அன்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்விக்குப் பதில். திரும்பவும் நானே வாங்கிக்கொள்வேன். இரண்டாவது சீட்டு கிடைக்காது என்பதால் இல்லாதவருக்காக எழுத யாராலும் முடியாது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை தலைகள் நாற்பத்தெட்டு, சீட்டுகளும் நாற்பத்தெட்டு. ஆசிரியர் அறையில் அவற்றைப் பதிவேட்டில் ஏற்றும்போது, பதினேழாம் எண் ஷுபாங்கிக்குச் சீட்டு இல்லை. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, நான் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று சரியாகப் பதில் சொன்ன பெண் அவள். கண்ணால் பார்த்தவள் காகிதத்தில் வரவில்லை.

பத்திரப்படுத்திய நான்கு வரித் தாள்களை எடுத்து ஒப்பிட்டேன். நாற்பத்தோராம் எண் ருச்சாவின் சீட்டில் ஷுபாங்கியின் சாய்ந்த எழுத்து இருந்தது. பழைய சீட்டுகளையும் புரட்டினேன். அந்த இரண்டு வாரத்தில் இதற்கு முன்பும் மூன்று முறை. தோழியை வந்தவளாக்க, அவள் தன்னை வராதவளாக்கிக்கொண்டிருந்தாள்.

ஷுபாங்கியைக் கூப்பிட்டு நான்கு சீட்டுகளையும் மேஜையில் வைத்தேன். அவள் மறுக்கவில்லை.

"என்கிட்ட நிறைய இருக்கு மேடம். ஒரு நாள்கூட நான் லீவு போட்டதில்ல. அதுல கொஞ்சம் அவளுக்குக் கொடுத்தேன்."

"வருகையை டிபன் மாதிரி பங்கு போட முடியுமா?"

"டிபனும் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம்" என்றாள் தரையைப் பார்த்தபடி. திமிராகச் சொன்னதாகத் தோன்றவில்லை.

ருச்சா எங்கே என்று கேட்டேன். வெளியேதான் நிற்கிறாள் என்றாள். உள்ளே வந்த பெண்ணின் துப்பட்டாவில் பேருந்துத் தூசி இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர். ஆறு மணிப் பேருந்து ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வராதாம். அது வராவிட்டால் அடுத்தது நாக்பூர் வந்து சேர எட்டரை ஆகும். என் வகுப்பு எட்டு இருபதுக்கு முடிந்துவிடும். விடுதியில் சேர வீட்டில் சம்மதிக்கவில்லை.

உண்மையில் எத்தனை வகுப்புக்கு வரவில்லை என்று கேட்டேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில் தேதிகள் வரிசையாக இருந்தன. தப்பாகப் பதிந்ததை அவளே கணக்கு வைத்திருந்தாள். இதுவரை நடந்த இருபது வகுப்பில் பன்னிரண்டு.

பருவத்துக்கு மொத்தம் அறுபது வகுப்பு. முக்கால் பங்கு, அதாவது நாற்பத்தைந்து வந்தால்தான் தேர்வு எழுதலாம். பதினைந்து தவறலாம், பன்னிரண்டு போய்விட்டது. இன்னும் மூன்று முறை அந்தப் பேருந்து வராமல் போனால் அவளால் தாங்க முடியும். நான்காவது முறை ஒரு வருடம் போய்விடும்.

"வீட்டுல இன்னொரு வருஷம் படிக்க விடமாட்டாங்க மேடம்" என்றாள் ருச்சா, அதே கணக்கைப் போட்டு முடித்தவளாக.

அந்தப் பன்னிரண்டையும் சிவப்பு மையில் திருத்தினேன். ஷுபாங்கி தானம் செய்த நான்கு நாட்களை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். இனி ஒரு சீட்டு மாறினாலும் துறைத் தலைவரிடம் போகும் என்று இருவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். பிறகு, மனத்தில் உறுத்தியதைக் கேட்டேன்.

"வகுப்பு நேரத்தை மாத்தச் சொல்லி ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

ருச்சா தோழியைப் பார்த்தாள். ஷுபாங்கிதான் சொன்னாள்.

"கேக்கத்தான் நினைச்சோம். ஆனா அந்த நேரம் நீங்களே கேட்டு வாங்கினதுன்னு சீனியருங்க சொன்னாங்க. உங்களுக்குப் பிடிச்ச நேரத்தை எப்படி மாத்தச் சொல்றது மேடம்?"

அவர்கள் போன பிறகு சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையின் முன்னால் நின்றேன். எங்கள் வகுப்பறை பதினொன்றரைக்குக் காலியாக இருந்தது. மாணவர்களுக்கும் அந்த நேரத்தில் வேறு பாடம் இல்லை. நிகேத்துக்கும் பதினொன்றிலிருந்து இரண்டு வரை வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் அவன் கேன்டீனில் நண்பர்களோடு போஹா சாப்பிட்டுக்கொண்டு உலகத்தைத் திருத்திக்கொண்டிருப்பான். நான் வீட்டில் ஈராவுக்கு வரண் பாத், பருப்புச் சோறு, ஊட்டிக்கொண்டிருப்பேன். அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை. எனக்கு அது சௌகரியம் என்று நான்தான் மூன்று வருடமாக நம்ப வைத்திருந்தேன்.

கேன்டீனுக்குப் போய் அவனை வெளியே கூப்பிட்டேன். நண்பர்கள் கேலியாக இருமினார்கள். வேப்பமரத்தடியில் ருச்சாவின் கதையை முழுவதும் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். பாவம் என்றான். பதினொன்றரைக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை, திங்களிலிருந்தே செய்துவிடலாம் என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் பேச்சை நிறுத்தினான்.

"ஆனா உனக்குத்தான் அந்த நேரம் ஒத்துவராதே, வ்ருஷா. ஈரா?"

அம்மாவை வரச்சொல்லலாம், பக்கத்து வீட்டில் விடலாம் என்று வழக்கமான பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகத் தலையாட்டியிருப்பான்.

"வகுப்பு இருக்கற நாலு நாளும் அவளை நீ கூட்டிட்டு வா, நிகேத். நீயே சாப்பாடும் போடு. மூணு வருஷமா இதைக் கேக்கணும்னு இருந்தேன். இப்ப கேக்கறேன்."