மரியாதைக்கு அடங்கிய வாட்ச்

அமல்ராஜ் எம்.காம். படித்தவன். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரிப் பருப்பு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். அவனைப் பற்றி அவனுக்கே இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான். முதலாளி கண்ணுசாமியிடம் அவன் இதுவரை திட்டு வாங்கியதில்லை. கம்பெனியில் லோடுமேனிலிருந்து டிரைவர் வரை வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. அமல்ராஜ் மட்டும் தப்பித்து வந்தான். எப்படி என்று யாராவது கேட்டால் 'திறமை' என்று சொல்லிக்கொள்வான். உண்மையில் அவன் நின்ற நிலையைப் பார்த்தால் யாருக்கும் திட்ட மனசு வராது.

அப்படிப்பட்டவனுக்கு ஆவூர் மாதா கோயிலில் நிச்சயதார்த்தம் நடந்தது. பெண் ஷெரின், புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துப் பெண், டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. மோதிரத்தோடு சேர்த்து அவள் ஒரு ஸ்மார்ட் வாட்ச்சும் வாங்கிக் கொடுத்தாள். காரணம் இருந்தது. கம்பெனிக்குள் போனைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். போன் மேசை டிராயருக்குள்தான் கிடக்க வேண்டும். பருப்பு உடைக்கிற மெஷின் போடுகிற சத்தத்தில் அது உள்ளே கிடந்து கதறினாலும் கேட்காது. வாட்ச்சில் அழைப்பு வந்தால் கேட்கும், அதிலேயே பேசிவிடலாம்.

"மத்தியானம் எனக்குக் கொஞ்ச நேரம்தான் சாப்பாட்டு டைம். அப்பக் கூப்புடுவேன். எடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்க, போதும்" என்றாள் ஷெரின்.

"நீ கூப்பிட்டு நான் எடுக்காம இருப்பேனா?" என்றான் அமல்ராஜ். அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் அவனுக்குக் கூசுகிறது.

ஷெரினின் சாப்பாட்டு நேரமும், முதலாளி அவனை அறைக்குக் கூப்பிட்டு அன்றைய சரக்குக் கணக்குக் கேட்கிற நேரமும் ஒன்றாகவே இருந்தன. அவன் போய் நிற்பான். வாட்ச் 'கிக்' என்று ஒரு சத்தம் எழுப்பும். உடனே செத்துவிடும். அவ்வளவுதான். முதலாளி நிமிர்ந்து "என்னப்பா?" என்பார். இவன் கையை அப்படித் திருப்பி, "ஒண்ணுமில்லங்க" என்பான். வெளியே வந்து பார்த்தால் ஷெரினின் தவறிய அழைப்பு இருக்கும். திரும்பக் கூப்பிட்டால் அவள் ஸ்கேன் அறைக்குள் போயிருப்பாள்.

அவளை முந்திக்கொண்டு தானே கூப்பிடலாம் என்று வாட்ச்சில் அலாரம் வைத்துப் பார்த்தான். அன்றைக்கு என்று முதலாளி கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டுவிட்டார். அந்த அலாரமும் அவர் முன்னால் 'கிக்' என்றது, செத்தது.

ராத்திரி ஷெரின் கேட்பாள். "முழு ரிங்கும் போகுது. நீங்க எடுக்கவும் மாட்டேங்குறீங்க, கட் பண்ணவும் மாட்டேங்குறீங்க. என்னதான் அர்த்தம்?"

"வாட்ச்ல கோளாறு ஷெரின். அடிக்கவே மாட்டேங்குது."

"சாயங்காலம் நல்லா அடிக்குதே? ஞாயித்துக்கிழமை அடிக்குதே?"

முதலாளி அறையில் சிக்னல் சரியில்லை என்று ஒருநாள் சொன்னான். சிக்னல் இல்லாமல் தவறிய அழைப்பு மட்டும் எப்படி வருகிறது என்று அவள் கேட்டாள். கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒருவன் இவ்வளவு மட்டமாகப் பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு ஷெரின் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஒரு சனிக்கிழமை அமைதியாகச் சொன்னாள்: "நாளைக்கு விட்டு அடுத்த ஞாயிறு கோயில்ல நம்ம கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிக்கணும். வாசிச்சுட்டா ஊருக்கே தெரிஞ்சுரும், அப்புறம் பேச முடியாது. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். நான் கூப்பிட்டா எடுக்குற ஆளா நீங்க? இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, சாமியார்கிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன்."

அமல்ராஜ் மறுநாள் பூசை முடிந்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு, வாட்ச் வாங்கிய புதுக்கோட்டைக் கடைக்கே போனான். வாட்ச்சைக் குற்றவாளியாக நிறுத்திவிட்டால் தான் தப்பித்துவிடலாம் என்பது திட்டம்.

கடையில் சத்யா என்ற பெண் இருந்தாள். அமல்ராஜ் கண்ணாடிக் கவுண்டர் மேல் கையை நீட்டி, வாட்ச்சின் அக்கிரமங்களை எல்லாம் எடுத்துச் சொன்னான். சத்யா பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் எண்ணுக்குப் போன் போட்டாள். வாட்ச் கடை முழுக்கக் கேட்கும்படி பாடியது. கட் செய்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி பாடியது. அலாரம் வைத்துப் பார்த்தாள். அதுவும் அடித்துத் தீர்த்தது.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"கம்பெனியில இப்படி அடிக்க மாட்டேங்குதும்மா. கிக்குன்னுது, செத்துப்போயிடுது."

சத்யா ஷெரினைப் பார்த்தாள். ஷெரின் வாட்ச்சைப் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரிங்க, நான் பஸ் ஏறுறேன்" என்றாள். அந்த 'சரிங்க'வில் எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. அமல்ராஜ் கவுண்டர் முன்னால் கிடந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து வாட்ச் அடித்தது. திரையில் 'முதலாளி' என்று வந்தது.

கண்ணுசாமிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அமல்ராஜ் ஸ்டூலிலிருந்து சட்டென்று எழுந்தான். முதுகு லேசாக வளைந்தது. இடது கை முன்னால் வந்தது, வலது கை வந்து அதன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டது. வாட்ச் 'கிக்' என்றது, அடங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! செத்துருச்சு!" என்று அமல்ராஜ் வெற்றியோடு கத்தினான். கையை மட்டும் விடவில்லை.

சத்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார், அப்புடியே இருங்க. கையை எடுக்காதீங்க. கீழ பாருங்க."

அமல்ராஜ் குனிந்து பார்த்தான். தன் வலது உள்ளங்கை வாட்ச்சை முழுசாக மூடியிருந்தது. அதை அங்கே யார் வைத்தது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"இந்த வாட்ச்ல அப்படி ஒரு வசதி இருக்கு சார். அடிக்கிறப்ப உள்ளங்கையால ஸ்கிரீனை மூடுனா சத்தம் நின்னுரும், அதோட சேந்து போனும் அடங்கிரும். காலும் அப்படித்தான், அலாரமும் அப்படித்தான். ஆனா கால் கட் ஆகாது. கூப்புடுறவங்களுக்கு ரிங் போய்க்கிட்டேதான் இருக்கும்."

ஷெரின் வாசல்படியிலிருந்து ஒரு அடி உள்ளே வைத்தாள்.

"தெனமும் இப்படியா பிடிக்கிறேன்?" என்று அமல்ராஜ் முனகினான். "சில நாள் கையை எடுத்து ஒண்ணுமில்லங்கன்னு சொல்லுவேனே, அப்பவும் அடங்குதே?"

"எப்படிச் சொல்லுவீங்க? செஞ்சு காட்டுங்க."

அதற்குள் முதலாளி மறுபடி கூப்பிட்டார். அமல்ராஜ் பழக்கம் மாறாமல் இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, "ஒண்ணுமில்லங்க" என்றான். திரை தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. வாட்ச் வாயை மூடிக்கொண்டது.

"அது ரெண்டாவது வசதி சார். கையைக் கவுத்தாலும் சைலன்ட் ஆயிரும்" என்று சொல்லி முடிப்பதற்குள் சத்யாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வாட்ச்ல ஒரு கோளாறும் இல்ல சார். ஒங்க மரியாதைதான் கோளாறு."

ஷெரின் சிரிக்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ இத்தனை நாளும் என் வாயைப் பொத்துனது நீங்கதானா?" என்றாள். அதில் கோபம் பாதி, இரக்கம் பாதி. கோபத்தையாவது அவன் தாங்கியிருப்பான்.

"சத்தியமாத் தெரியாது ஷெரின்."

"தெரியாமத்தான் பொத்தியிருக்கீங்க. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

செட்டிங்ஸில் கை அசைவுகள் என்று இருந்த இடத்துக்குப் போய் அந்த இரண்டையும் நிறுத்திவிடலாம், வாங்கும்போதே அவை ஆன் ஆகித்தான் இருந்தன, டப்பாவுக்குள் இருந்த புத்தகத்தில் எல்லாம் போட்டிருக்கிறது என்றாள் சத்யா. எம்.காம். அந்தப் புத்தகத்தைப் பிரிக்காமலேயே எறிந்திருந்தது. சத்யா இரண்டையும் ஆஃப் செய்து கொடுத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் கூப்புடுவேன்" என்றாள் ஷெரின். "வாட்ச்சைச் சரிபண்ணியாச்சு. இனிமே ஒங்க பாடு." பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் முதலாளி அறையில் அமல்ராஜ் வழக்கமான இடத்தில் நின்றான். முந்தின நாள் போனை எடுக்காததற்கே இன்று முதல் திட்டு விழும் என்று நினைத்திருந்தான். ஆனால் கண்ணுசாமி மூட்டைக் கணக்கிலேயே இருந்தார். "முந்தாநேத்து சாயங்காலம் வந்த லோடு எவ்வளவுப்பா?" என்றார்.

அமல்ராஜ் வாயைத் திறந்தான். வாட்ச் அடித்தது.

வலது கை யாரையும் கேட்காமல் ஓடிவந்து இடது மணிக்கட்டைப் பிடித்தது. வாட்ச் அடித்தது. இன்னும் அழுத்தினான். விரலிடுக்கு வழியாக அது ஊரைக் கூட்டியது. முதலாளி நிமிர்ந்தார். அமல்ராஜ் கையைக் கவிழ்த்து, "ஒண்ணுமில்லங்க" என்றான். வாட்ச் கவிழ்ந்தபடியே அடித்தது. ஒன்றுமில்லை என்று சொன்ன வாய்க்கு நேர் கீழே ஷெரின் இருந்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.

இன்னும் சில நொடியில் ரிங் நின்றுவிடும். தானாக நின்றுவிடும். அவன் சும்மா நின்றாலே போதும், இத்தனை வருஷம் நின்ற மாதிரி. அதை நினைத்ததும் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"நான் கட்டிக்கப்போற பொண்ணுங்க" என்றான். குரல் கிறீச்சிட்டது. "பேசிட்டு வாரேங்க. லோடுக் கணக்கு அப்புறம் சொல்றேன்."

கண்ணுசாமி மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அமல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"போய்ப் பேசுப்பா" என்றார் அவர். "அடிக்குறப்பெல்லாம் பேசாம நிக்கிறியேன்னு பாத்தேன். பேங்க்காரன்தான் லோனு வேணுமான்னு கூப்புடுறான்னுல்ல நெனச்சேன். பொண்ணையா இப்படி நிக்க வச்ச?"

அமல்ராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை மாதமாக யாருக்குப் பயந்து அவள் வாயைப் பொத்தினானோ, அந்த ஆள் அதை ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பச்சை வட்டத்தைத் தொட்டான்.

"ஷெரின்."

வாட்ச்சை வாயருகே கொண்டுபோனான்.

"எடுத்துட்டீங்க" என்றாள் ஷெரின். பிறகு கேட்டாள்: "இப்ப வலது கை எங்க இருக்கு?"

அமல்ராஜ் குனிந்து பார்த்தான். "பாக்கெட்டுக்குள்ள."

"அங்கயே இருக்கட்டும்" என்றாள் அவள். "ஓலைக்குச் சாமியார்கிட்ட நான் சொல்லிர்றேன். சாப்புட்டீங்களா?"